‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’: 405 ரூபாய்க் கணக்கிலிருந்து ஒரு பதில்

என் சித்தி மகள் அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் முடித்தவள். போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் செய்தாள். புதன்கிழமை சென்னையில் இன்டர்வியூ, சாஃப்ட்வேர் டெஸ்டிங் டிரெய்னி வேலை. “அண்ணே, ‘டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்’புக்கு ஒரு ஆன்சர் ரெடி பண்ணியிருக்கேன், கேட்டுச் சொல்லுங்க” என்றாள். சொல்லச் சொன்னேன்.

“குட் மார்னிங் சார், மைசெல்ஃப்...” என்று தொடங்கினாள். ஊர்ப் பெயர், அப்பா விவசாயி, அம்மா இல்லத்தரசி, பத்தாம் வகுப்பில் இத்தனை சதவீதம், பன்னிரண்டில் இத்தனை, கல்லூரியில் இத்தனை. பாட்டுக் கேட்பது பொழுதுபோக்கு. கடின உழைப்பும் நேர்மறை எண்ணமும் பலம். எல்லோரையும் எளிதில் நம்பிவிடுவது பலவீனம். நல்ல நிறுவனத்தில் சேர்வது குறுகிய கால இலக்கு, நல்ல நிலைக்கு உயர்வது நீண்ட கால இலக்கு. “தட்ஸ் ஆல் அபௌட் மீ சார்” என்று முடித்தாள். ஒரு இடத்தில்கூடத் திணறவில்லை. ஒரு நிமிடம் பத்து நொடி.

நான் ஒன்பது வருடமாக ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். அதில் ஆறு வருடம், புதிதாகப் படித்து முடித்தவர்களை எடுக்கும் நேர்காணல்களில் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். அவள் சொன்ன பதிலை ஊர்ப் பெயரும் மதிப்பெண்ணும் மட்டும் மாறி நூற்றுக்கணக்கான முறை கேட்டிருப்பேன். அதில் பொய் எதுவும் கிடையாது. ஆனால் அதைக் கேட்டு முடித்த பிறகு அடுத்து என்ன கேட்பது என்று எனக்கு ஒருபோதும் தெரிந்ததில்லை. அந்தப் பதிலின் குறை அதுதான், அதைத்தான் அவளிடமும் சொன்னேன்.

இந்தக் கேள்வியை நாங்கள் ஏன் கேட்கிறோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நாள் முழுக்க ஆள் மாற்றி ஆள் பார்க்கும்போது, உள்ளே வருபவரின் ரெஸ்யூம் பெரும்பாலும் அவர் நாற்காலியில் உட்காரும் நேரத்தில்தான் என் கைக்கு வரும். மதிப்பெண், கல்லூரி, ஊர் எல்லாம் அதில் அச்சாகி இருக்கிறது, கண்ணை ஓட்டினால் தெரிந்துவிடும். அதில் இல்லாத ஒன்று எனக்கு வேண்டும்: இவரிடம் எங்கிருந்து பேச்சைத் தொடங்கலாம் என்கிற ஒரு நுனி. ரெஸ்யூமையே வாய்விட்டு வாசித்துக் காட்டினால் அந்த நுனி கிடைப்பதில்லை. உடனே என் கை தானாகவே பாடப்புத்தகக் கேள்விகளுக்குப் போய்விடும். அங்கே எல்லோரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். அந்த வரிசையில் அவளைவிட நன்றாகப் படித்தவர்கள் இருப்பார்கள்.

தொடக்கத்து நிமிடங்களுக்குக் கனம் அதிகம் என்பதை ஆய்வும் காட்டியிருக்கிறது. 2010இல் மேலாண்மைத் துறை ஆய்வாளர் மர்ரே பேரிக்கும் அவரோடு இருவரும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு ஒன்றில், கேள்விகள் தொடங்கும் முன் நடக்கும் அறிமுகப் பேச்சிலேயே மாணவர்களைப் பற்றி உருவான மதிப்பீடும், நேர்காணல் முடிந்த பிறகு கொடுத்த மதிப்பெண்ணும் ஒன்றோடொன்று தொடர்புள்ளவையாக இருந்தன. இது சரியா தவறா என்பது வேறு விஷயம். நேர்காணல் எடுப்பவனாக நானும் அப்படித்தான் இருக்கிறேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

“அப்ப என்னதாண்ணே சொல்றது?” என்றாள்.

“நீ செஞ்ச ஏதாவது ஒண்ணு சொல்லு. நீ கை வெக்கறதுக்கு முன்னாடி ஒரு மாதிரி இருந்திருக்கணும், கை வெச்ச பிறகு வேற மாதிரி ஆகியிருக்கணும்.”

முதலில் கல்லூரி ப்ராஜெக்ட்டைச் சொன்னாள். நான்கு பேர் சேர்ந்து செய்தது. தோண்டித் தோண்டிக் கேட்டதில், மதுரையில் ஒரு ப்ராஜெக்ட் சென்டரில் பணம் கட்டி வாங்கியது என்று வெளியே வந்தது. உள்ளே என்ன ஓடுகிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. அதைத் தொடவே வேண்டாம் என்றேன். சொந்தமாகச் செய்யாத ஒன்றைச் சொன்னால் இரண்டாவது கேள்வியில் குரல் மாறிவிடும். “ஏன் இந்த வழியை எடுத்தீர்கள், வேறு எதை யோசித்தீர்கள்?” என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், எங்களுக்குத் தெரிந்துவிடும். ரெஸ்யூமில் ப்ராஜெக்ட்டின் பெயர் இருப்பதால் அவர்களாகவே கேட்கவும் கேட்கலாம். அப்போது, குழுவில் தான் பார்த்த பகுதி எது என்பதை மட்டும் உண்மையாகச் சொல்ல வேண்டும் என்று தனியாகச் சொல்லி வைத்தேன்.

பிறகு விளையாட்டு, என்.எஸ்.எஸ்., பேச்சுப் போட்டி என்று ஒவ்வொன்றாகப் போனோம். ஒன்றும் பிடிபடவில்லை. அரை மணி நேரம் ஆகியிருக்கும். “சரிண்ணே, அம்மா கூப்பிடுறாங்க, குழுக் கணக்கு எழுதணும்” என்றாள். குழுக் கணக்கை நீயா எழுதுகிறாய் என்று கேட்டேன். “ஆமா, போன வருஷம் அந்தப் பிரச்சனை வந்ததுல இருந்து நான்தான்” என்றாள்.

அந்தப் பிரச்சனை இதுதான். சித்தி, ஊரில் 14 பேர் கொண்ட மகளிர் சுய உதவிக் குழுவின் ஊக்குநர். மாதாமாதம் சேமிப்பு, அதிலிருந்து உறுப்பினர்களுக்கு உள்கடன், நூற்றுக்கு மாதம் ஒன்றரை ரூபாய் வட்டி. ஒரு கூட்டத்தில் ஓர் உறுப்பினரின் பாஸ்புக்கில் கடன் பாக்கி 7,000 என்று இருந்தது, குழுவின் கடன் பேரேட்டில் 6,595 என்று இருந்தது. வித்தியாசம் 405 ரூபாய். தொகை சிறியதுதான். ஆனால் கிராமத்தில் குழுக் கணக்கு இடித்தால் அது தொகையோடு நிற்காது. அடுத்தடுத்து இரண்டு கூட்டம் சத்தத்தில் முடிந்தது. சித்தி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லையாம்.

இவள் மூன்று புத்தகங்களையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். முதலில் ரொக்கப் புத்தகத்தைக் கூட்டிப் பார்த்தாள். வந்த பணமும் வங்கியில் கட்டிய பணமும் பைசா மாறாமல் சரியாக இருந்தன. அப்படியென்றால் பணம் எங்கும் போகவில்லை, எழுதிய இடம்தான் தப்பு என்று முடிவுக்கு வந்தாள். அந்த உறுப்பினர் வாங்கியது 10,000. மூன்று மாதம் அசல் ஆயிரம் ஆயிரமாகக் கட்டியிருக்கிறார், கூடவே வட்டி முதல் மாதம் 150, அடுத்து 135, அடுத்து 120. பாஸ்புக்கில் அசலும் வட்டியும் தனித்தனியாக ஏறியிருந்தன. பேரேட்டிலோ 1,150, 1,135, 1,120 என்று மொத்தமும் அசல் கட்டத்திலேயே ஏறியிருந்தது. 150, 135, 120, கூட்டினால் 405.

அதோடு நிற்கவில்லை. கூகுள் ஷீட்டில் அசலுக்கு ஒரு கட்டம், வட்டிக்கு ஒரு கட்டம் என்று பிரித்துப் போட்டாள். பாஸ்புக் பாக்கியும் பேரேட்டுப் பாக்கியும் ஒத்துப் போகாவிட்டால் அந்தக் கட்டம் சிவப்பாக மாறும்படி வைத்தாள். நாங்கள் பேசிய நாளுக்கு அது ஓடத் தொடங்கி எட்டு மாதம். இரண்டு முறை சிவப்பு வந்ததாம், இரண்டும் அந்தக் கூட்டம் கலைவதற்குள்ளேயே சரி செய்யப்பட்டன.

எனக்குப் பேச்சே வரவில்லை. ஒரு டெஸ்டர் தினமும் செய்கிற வேலை இதுதான்: எது சரியாக இருக்கிறது என்று முதலில் ஒதுக்கிவிட்டு, தப்பு இருக்கக்கூடிய இடத்தைச் சுருக்கி, காரணத்தைக் கண்டுபிடித்து, மறுபடி வந்தால் உடனே தெரியும்படி ஒரு சோதனையை வைப்பது. அதைச் செய்துவிட்டு இவள் ‘பாட்டுக் கேட்பேன்’ என்று சொல்லிக்கொண்டிருந்தாள். “இதெல்லாம் வீட்டு வேலைதானேண்ணே” என்றாள். புதிதாகப் படித்து வெளியே வரும் பலர் இங்கேதான் தவறவிடுகிறார்கள். கல்லூரி முத்திரை குத்தாத எதையும் சொல்லத் தகுந்ததாக அவர்கள் நினைப்பதில்லை. தீபாவளிக்கு ஜவுளிக்கடையில் வேலை பார்த்த பி.காம். பையன், அப்பாவின் டூவீலர் பட்டறையில் வளர்ந்த மெக்கானிக்கல் மாணவன், இவர்களிடமெல்லாம் இப்படி ஒன்று இருக்கும். ஆனால் ரெஸ்யூமில் இருக்காது.

விஷயம் கிடைத்துவிட்டது, இனி அதை அடுக்க வேண்டும். நான் சொன்ன அளவு மூன்று பகுதி. நான் இப்போது யார் என்று ஒரு வாக்கியம். செய்த ஒரு காரியம், நேரத்தில் முக்கால்வாசி அதற்கு. அதனால் இந்த வேலைக்கு ஏன் வந்திருக்கிறேன் என்று ஒன்றிரண்டு வாக்கியம். எல்லாம் சேர்ந்து ஒன்றிலிருந்து ஒன்றரை நிமிடம். ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசினால் அது சுமார் 150 சொல்.

அவள் முதலில் சொல்லிப் பார்த்தபோது நான்கு நிமிடம் ஓடியது. போனில் பதிவு செய்து திரும்பக் கேட்கச் சொன்னேன், காரணம் அவளுக்கே தெரிந்துவிட்டது. குழு எப்போது தொடங்கியது, யார் யார் உறுப்பினர், யார் யாரிடம் சண்டை போட்டார்கள், சித்தி எப்படி அழுதார் என்பதிலேயே இரண்டரை நிமிடம் போயிருந்தது. அவள் செய்தது கடைசியில் அரை நிமிடம். கதை தெரிந்தவருக்குப் பின்னணிதான் சுவை. கேட்பவருக்கோ, அவள் கை எங்கே நுழைகிறது என்பதுவரை எல்லாமே காத்திருப்பு. பின்னணிக்கு இரண்டு வாக்கியத்துக்கு மேல் கிடையாது என்று வைத்துக்கொண்டோம். எதிரில் இருப்பவர் பெங்களூரிலிருந்தோ டெல்லியிலிருந்தோ வந்தவராக இருக்கலாம், குழு என்றால் என்னவென்றே தெரியாமல் இருக்கலாம். அவருக்காக ‘பதினான்கு பெண்கள் சேர்ந்து சேமித்து, தங்களுக்குள் கடன் கொடுத்துக்கொள்ளும் குழு’ என்று ஒரே வரி.

அழுகையையும் எடுத்துவிடச் சொன்னேன். அதில் அவளுக்கு வருத்தம். அது உண்மைதானே என்றாள். உண்மைதான், ஆனால் கேட்பவர் அதற்கு என்ன பதில் சொல்வார்? “அச்சச்சோ” என்பார், பிறகு பேச்சை வேறு பக்கம் திருப்புவார். அவர் திரும்ப வேண்டிய பக்கம் 405 ரூபாய். குடும்பக் கஷ்டத்தைச் சொல்லக் கூடாது என்று நான் நினைக்கவில்லை. இந்த ஒன்றரை நிமிடத்தில் அது கேள்வியின் திசையை மாற்றிவிடும், அவ்வளவுதான்.

எண்களிலும் கத்தி வைத்தோம். 10,000, 1,150, 1,135, 6,595 என்று வாய்வழியாக அடுக்கினால் எவருக்கும் தலை சுற்றும். 14, 405, எட்டு மாதம் ஆகிய மூன்றையும் மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவற்றைக் கேட்டால் சொல்வதற்காக மனதில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். கடைசியில் வந்து நின்ற பதில் இது. நாங்கள் தமிழில் எழுதியபடியே தருகிறேன்:

“நான் இந்த வருடம் பி.எஸ்சி. கணிதம் முடித்திருக்கிறேன். கணக்கில் எங்கே தப்பு என்று தேடிக் கண்டுபிடிப்பது எனக்குப் பிடித்த வேலை. என் அம்மா ஒரு சேமிப்புக் குழுவை நடத்துகிறார். பதினான்கு பெண்கள் சேமித்து, தங்களுக்குள் கடன் கொடுத்துக்கொள்வார்கள். போன வருடம் ஒருவரின் பாஸ்புக்குக்கும் குழுவின் பேரேட்டுக்கும் 405 ரூபாய் வித்தியாசம் வந்தது. நான் முதலில் ரொக்கத்தைச் சரிபார்த்தேன், அது சரியாக இருந்தது. அதனால் பணம் தொலையவில்லை, பதிவில்தான் தப்பு என்று புரிந்தது. மூன்று மாத வட்டியை அசல் கட்டத்தில் எழுதியிருந்தார்கள். பிறகு அசலையும் வட்டியையும் தனித்தனியாகப் பதிவு செய்ய ஒரு கூகுள் ஷீட் தயாரித்தேன். இரண்டு பாக்கியும் ஒத்துப் போகாவிட்டால் கட்டம் சிவப்பாகும். எட்டு மாதமாக அதைத்தான் பயன்படுத்துகிறார்கள், இரண்டு தப்புகளை அன்றைக்கன்றே பிடித்திருக்கிறது. இதைச் செய்த பிறகுதான் டெஸ்டிங் என்றொரு வேலை இருப்பதைத் தேடித் தெரிந்துகொண்டேன். அதைச் சரியான முறையில் கற்றுக்கொள்ளத்தான் இந்த வேலைக்கு விண்ணப்பித்தேன்.”

இதில் ‘கடின உழைப்பாளி’ என்ற சொல்லே இல்லை. ‘நாங்கள்’ என்பதும் இல்லை. செய்தது அவள் ஒருத்தி என்பதால் ‘நான்’. குழுவாகச் செய்த வேலையைச் சொல்லும்போது நம் பிள்ளைகள் பணிவுக்காக எல்லாவற்றுக்கும் ‘நாங்கள்’ போடுவார்கள். கேட்பவருக்கு அதில் இவர் பங்கு எது என்று தெரியாது. “நாங்கள் நால்வர் செய்தோம், அதில் இந்தப் பகுதி நான்” என்று பிரித்துச் சொல்வதில் பணிவுக் குறைவு ஒன்றும் இல்லை.

‘இரண்டு தப்புகளை’ என்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவள் முதலில் “அதற்குப் பிறகு தப்பே வரவில்லை” என்றுதான் எழுதியிருந்தாள். கேட்க அழகாக இருக்கும், ஆனால் உண்மை இல்லை. இரண்டு தப்பு வந்தது, பிடிபட்டது என்பதுதான் நடந்தது. சோதனை வேலை செய்கிறது என்பதற்குச் சாட்சியும் அதுதான்.

அடுத்து ஆங்கிலம். தமிழ் வழியில் படித்தவள். சொல்லுக்குச் சொல் மனப்பாடம் செய்தால் நடுவில் ஒரு சொல் நழுவினாலும் மொத்தமும் நின்றுவிடும். பாதியில் யாராவது குறுக்கே கேள்வி கேட்டால் ‘குட் மார்னிங் சார்’ என்று மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், எனக்கே மனம் கனத்துப் போகும். அதனால் வாக்கியங்களை மனப்பாடம் செய்யவிடவில்லை. ‘குழு, 405, ரொக்கம் சரி, சிவப்புக் கட்டம், டெஸ்டிங்’ என்று ஐந்து முளைகள் மட்டும் கொடுத்தேன். ஒவ்வொரு முளைக்கும் சின்னச் சின்ன ஆங்கில வாக்கியம், ஒன்றில் ஒரு வினைச்சொல்லுக்கு மேல் வேண்டாம். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் ஐந்தாறு முறை சொல்லிப் பார்த்தாள், ஒவ்வொரு முறையும் சொற்கள் கொஞ்சம் மாறின. மாறட்டும் என்றேன். பேசுவது போல இருந்தது.

செவ்வாய் ராத்திரி ஒரு சோதனை வைத்தோம். இந்தக் கதை எதுவும் தெரியாத அவள் தோழி ஒருத்தியிடம் பதிலைச் சொல்லிவிட்டு, “இதுல உனக்கு என்ன கேக்கத் தோணுது?” என்று மட்டும் கேட்கச் சொன்னேன். “ரொக்கம் சரியா இருந்தா பேரேடு எப்படித் தப்பாகும்?” என்று கேட்டிருக்கிறாள் தோழி. நான் எதிர்பார்த்ததும் அதுதான். கேட்பவருக்குக் கேள்வி ஒன்றும் தோன்றாவிட்டால் பதிலில் இன்னும் நுனி இல்லை என்று பொருள். குழுவின் பெயர் என்ன, அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டால் பின்னணி இன்னும் தூக்கலாக இருக்கிறது என்று பொருள்.

புதன்கிழமை கம்பெனியில் அவளுக்கு வேலை கிடைக்கவில்லை. ஆப்டிட்யூட் சுற்றிலேயே வெளியே வந்துவிட்டாள், இந்தப் பதிலைச் சொல்லும் இடமே வரவில்லை. வடிகட்டும் தேர்வில் தேறினால்தான் பேச்சு, அதற்கு வேறு குறுக்கு வழி இல்லை. ஒரு மாதம் அதற்குத் தனியாக உட்கார்ந்தாள்.

இரண்டாவது இடத்தில் உள்ளே போனாள். இருந்தவர் இரண்டு பேர். ஒருவர் மடிக்கணினியைப் பார்த்துக்கொண்டே “பிரீஃபா சொல்லுங்க” என்றாராம். அதற்கும் தயார் செய்திருந்தோம்: கணிதம் முடித்திருக்கிறேன், அம்மாவின் சேமிப்புக் குழுக் கணக்கில் 405 ரூபாய்த் தப்பைக் கண்டுபிடித்து, அது மறுபடி வராமல் பார்க்க ஒரு ஷீட் போட்டேன், அதனால் டெஸ்டிங்குக்கு வந்தேன். இருபது நொடி. சொல்லி முடித்து நிறுத்திவிட்டாள். ‘தட்ஸ் ஆல்’ இல்லை. மடிக்கணினியிலிருந்து தலை நிமிர்ந்து, “எப்படிக் கண்டுபிடிச்சீங்க?” என்றாராம் அவர். அங்கிருந்து பத்து நிமிடம் அதே பேச்சு. சிவப்பு எப்படி வரவைத்தாய் என்றதற்குக் கண்டிஷனல் ஃபார்மேட்டிங் என்று சொல்லி, காகிதத்தில் கட்டம் போட்டுக் காட்டியிருக்கிறாள். “பாஸ்புக், பேரேடு ரெண்டுலயுமே ஒரே தப்பை எழுதிட்டா உங்க ஷீட் என்ன பண்ணும்?” என்று மற்றவர் கேட்டிருக்கிறார். அதை அவள் யோசித்ததே இல்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “பிடிக்காது சார். ரொக்கப் புத்தகத்தையும் மூணாவதா சேர்த்தா சில தப்பைப் பிடிக்கலாம்” என்றாளாம். இரண்டாம் செமஸ்டரில் ஒரு அரியர் இருந்தது பற்றியும் கேட்டார்கள். எந்தத் தாள், எப்போது தேறினாள் என்று இரண்டு வரியில் சொல்லி முடித்தாள். அதை முதல் பதிலிலேயே தானாகக் கொட்ட வேண்டாம், கேட்டால் மறைக்கவும் வேண்டாம் என்று முன்பே பேசி வைத்திருந்தோம்.

அந்த வேலை கிடைத்தது. அதற்கு நடுவில் ஒரு தனியார் வங்கியில் வாடிக்கையாளர் சேவைக்கும் விண்ணப்பித்திருந்தாள். அதற்கும் இதே பதிலா என்று கேட்டாள். கதை இதுவே, பாதி மட்டும் வேறு என்றேன். அங்கே சிவப்புக் கட்டத்துக்கு ஒரு வாக்கியம் போதும். கோபத்தில் இருந்த பதின்மூன்று பேரை உட்கார வைத்து, பேரேடு எழுதியவரைத் தலைகுனிய விடாமல் தப்பு எங்கே என்று எப்படி விளக்கினாள் என்பதைத்தான் அங்கே சொல்ல வேண்டும். “அதையா கேக்குறீங்க? ஆளுக்கு ஒரு வெத்துத்தாள் குடுத்து, அவங்க கையாலேயே கூட்டச் சொன்னேண்ணே” என்றாள். அதை அதுவரை என்னிடம் அவள் சொல்லவே இல்லை.